வியூ-த்ரூ கன்வர்ஷன நம்பலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

ஃப்ரெண்ட்ஸ், ஒரு ரீடார்கெட்டிங் கேம்பெய்ன் ஓடுது, செட்டிங் 7-day click, 1-day view. டேஷ்போர்டுல 100 ஆர்டர் காட்டுது, பிரிச்சுப் பாத்தா கிளிக் பண்ணி வந்தது 35 தான், மீதி 65 பேரு விளம்பரம் கண்ணுல பட்டு, கிளிக்கே பண்ணாம, ஒரு நாளுக்குள்ள வாங்குனவங்க. இதுல என்ன உறுத்துதுன்னா, இவங்க எல்லாம் ஏற்கனவே கார்ட்ல பொருள போட்டு வச்சவங்க, விளம்பரமே இல்லன்னாலும் பாதி பேரு வாங்கியிருப்பாங்க, ஸ்க்ரோல் பண்ணும்போது சும்மா கடந்து போனதுக்கும் கிரெடிட் போகுது.

சரின்னு 1-day click மட்டும் வச்சுப் பாத்தா 22 தான் வருது. அதுவும் நியாயமா தெரியல, எங்க பொருள் விலை ஜாஸ்தி, கிளிக் பண்ணிட்டு நாலஞ்சு நாள் யோசிச்சுத்தான் வாங்குவாங்க, அவங்கெல்லாம் கணக்குலயே வரமாட்டாங்க. விற்பனை அதேதான், விண்டோவ மாத்துனா நம்பர் மட்டும் ஆடுது. கிளையண்டுக்கு எத காட்டுறது?

ஆடியன்ஸ்ல 10% பேருக்கு விளம்பரமே காட்டாம ஹோல்டவுட் வச்சு, ரெண்டு குரூப்லயும் வாங்குற விகிதத்த ஒப்பிடலாம்னு இருக்கேன். ஆனா ஆர்டர் இவ்ளோ கம்மியா இருக்கும்போது வித்தியாசம் தெளிவா தெரியுமா, இல்ல பாதிக்குப் பாதி பிரிக்கணுமா? சின்ன பட்ஜெட்ல பண்ணவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.