புதுப்பிப்பு: கறுப்பு டி-ஷர்ட்டில் வெள்ளை விளிம்பு

டி-ஷர்ட்டிலும் மக்கிலும் டிசைன் பிரிண்ட் பண்ணி விக்கிறேன். முதலில் இங்கே நான் கேட்டது: "ஒரே டிசைன் மக்கில் நல்லா வருது, கறுப்பு டி-ஷர்ட்டில் மட்டும் ஓரமெல்லாம் வெள்ளை. சப்ளையரை மாத்தணுமா?"

மாத்தல. பிரிண்டிங் யூனிட் வச்சிருக்கிற அண்ணன் சொன்னதுதான் சரி. கறுப்புத் துணியில் நிறத்துக்கு அடியில் வெள்ளை மை போடுவாங்க. என் பிஎன்ஜியில் எழுத்தைச் சுத்தி இருந்த மங்கலான நிழலுக்கு அடியிலும் அது விழுந்திருக்கு. வெள்ளை மக்கில் வெள்ளை மையே கிடையாது, அதனால் தெரியல. நிழலை எடுத்துட்டு விளிம்பைக் கூர்மையாக்கினேன், சாம்பிள் சுத்தமா வந்தது.

"300 டிபிஐ வை" என்ற தம்பி பாதி சரி. 12 அங்குல அகலத்துக்கு 3600 பிக்சல் நிஜமாவே வேணும். சின்னப் படத்தில் டிபிஐ எண்ணை மட்டும் மாத்தினா மங்கல்தான். ஆனா இந்த வெள்ளைக்கு அது காரணமில்ல.

சாம்பிளை உள்பக்கம் திருப்பித் துவைச்சு, காய்ஞ்சதும் ரெண்டு கையால் இழுத்துப் பார்த்தேன். விரிசல் இல்ல. பத்துப் பதினைஞ்சு துவைப்புக்கு அப்புறம் எப்படியோ.

லாபக் கணக்கு: விலை 549. பிரிண்டோடு சட்டை 290, கூரியர் 75, பேமென்ட் கட்டணம் 13. மிச்சம் 171. கேஷ் ஆன் டெலிவரியில் பத்தில் ஒண்ணு திரும்பினா, சட்டையும் இருவழிக் கூரியருமா 440 போகும். மத்த ஒன்பதில் தலைக்கு 122தான். விளம்பரச் செலவு இதில் இல்ல. கேஷ் ஆன் டெலிவரியை நிறுத்தலாமான்னு யோசிக்கிறேன், நிறுத்தினவங்க யாராவது இருக்கீங்களா?