கலர் சோட்டருக்கு மூன்று பேர் என்கிறது திறன் அட்டவணை, ஒருவர் விடுப்பெடுத்தால் அரிசி தேங்குகிறது

கேட்டவர், அக்கரைப்பற்று
எங்கள் அரிசி ஆலையில் எட்டுப் பேர் வேலை செய்கிறோம். பெரும்போக நெல் வருமுன் யாருக்கு எது தெரியும் என்று அட்டவணை போட்டேன். ஆட்கள் கீழ்நோக்கி, அவித்தல், உலர்த்தல், தீட்டல், கறுப்பு மணியைப் பிரித்தெடுக்கும் கலர் சோட்டர் எனக் குறுக்கே வேலைகள். 0 தெரியாது, 1 பழகுகிறார், 2 ஒருவர் பக்கத்தில் நின்றால் செய்வார், 3 தனியே செய்வார், 4 பழக்கிக் கொடுப்பார். அவரவரே புள்ளி இட்டார்கள். கலர் சோட்டரில் மூவருக்கு 3 அல்லது அதற்கு மேல். ஆனால் மூத்த அண்ணன் வராத நாளில் கறுப்பு மணி அரிசியோடு போகிறது. ஏன்?

சம்மாந்துறை
தம்பி, "கலர் சோட்டர்" ஒரு வேலையல்ல. காலையில் போட்டு ஓடவிடுவது ஒன்று, நாட்டரிசியிலிருந்து சம்பாவுக்கு மாறும்போது உணர்திறனைத் திருத்துவது இன்னொன்று, காற்று ஊதுமுனை அடைத்தால் கண்டுபிடிப்பது மூன்றாவது. மூன்று நிரலாகப் பிரியுங்கள். கடந்த மூன்று மாதத்தில் அண்ணன் இல்லாமல் செய்தவருக்கு மட்டும் 3 போடுங்கள். நிரலின் அடியில் இதை எழுதுங்கள்:

```
=COUNTIF(B2:B9,">=3")
```

1 வந்தால் அங்கேதான் ஆலை ஒருவரை நம்பி நிற்கிறது.

களுவாஞ்சிக்குடி
எல்லோரையும் வாரம் ஒரு வேலைக்கு மாற்றுங்கள், தீர்ந்தது.

சம்மாந்துறை
சுழற்சி நல்லதுதான், ஆனால் எட்டுப் பேருக்கும் எல்லாம் வேண்டாம். அறுவடை நேரத்தில் அது நடக்கவும் நடக்காது. 1 உள்ள நிரலை 2 ஆக்கினால் போதும்.

காத்தான்குடி
எங்கள் பேக்கரியிலும் மா பிசைபவர் ஒருவர்தான். இதற்கு ஏதாவது மென்பொருள் வாங்கலாமா?

கேட்டவர்
பிரித்தேன். ஓடவிட 3 பேர், உணர்திறனுக்கு 1, அடைப்புக்கு 1. எப்படிப் பழக்குவது?

சம்மாந்துறை
ரகம் மாறும் நேரத்தைப் பிடியுங்கள். பழகுபவரே திருத்தட்டும், அண்ணன் கையை வைக்காமல் பார்க்கட்டும். கழிவுத் தட்டிலிருந்து ஒரு கை அள்ளச் சொல்லுங்கள். நல்ல அரிசி நிறைய இருந்தால் உணர்திறன் கூடிவிட்டது. நல்ல பக்கத்தில் கறுப்பு மணி வந்தால், எந்தச் சரிவு வழியாக வருகிறதென்று பார்க்க வேண்டும். ஒன்றில் மட்டும் என்றால் பெரும்பாலும் ஊதுமுனை அடைப்பு, எல்லாவற்றிலும் என்றால் அமைப்பையோ காற்றழுத்தத்தையோ பாருங்கள். இதை அவர் தானாகச் சொல்லும்வரை 2 தான். அதன்பின் அண்ணனுக்கு ஒரு நாள் விடுப்புக் கொடுத்துச் சோதியுங்கள். பல மாதம் தொடாதவரின் புள்ளியை இறக்கவும் தயங்காதீர்கள்.

களுவாஞ்சிக்குடி
பழக்கிக் கொடுத்தால் தன் இடம் போய்விடும் என்று அந்த அண்ணன் நினைக்கமாட்டாரா?

கேட்டவர்
நினைக்கிறார், முகத்தில் தெரிகிறது. 4 உள்ளவருக்குத் தனிக் கொடுப்பனவு தருமாறு முதலாளியிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. அதுவரை அவரைக் கட்டாயப்படுத்த எனக்கு மனமில்லை. அடைப்பு நீக்கும் வேலையை மட்டும், அவர் விரும்பிச் சொன்ன பையனுக்குப் பழக்கத் தொடங்குகிறோம்.