விலாப்பிடிப்பா, விலாக்குத்தா? ஓடும்போது வரும் வலிக்கு ஒரு கலைச்சொல்

உடற்கல்வி ஆசிரியர், மேலூர்

எல்லாருக்கும் வணக்கம். மாணவர்களுக்கான ஓட்டப் பயிற்சிக் கையேட்டில் 'ஸைட் ஸ்டிட்ச்' என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும். முதல் வரைவில் யாரோ 'பக்கத் தையல்' என்று எழுதிவிட்டார்கள். படித்த பையன் அறுவை சிகிச்சைத் தையல் என்று நினைத்துக்கொண்டான். நான் 'விலாப்பிடிப்பு' என்று போடலாமா என்று பார்க்கிறேன். மைதானத்தில் பசங்க "பிடிச்சுக்கிச்சு சார்" என்றுதான் சொல்வார்கள். காரணமும் பொருந்துகிறது: மூச்சு வாங்க வாங்க உதரவிதானத்துக்கு ரத்தம் பத்தாமல் அந்தச் சதை இழுத்துக்கொள்கிறது.

இயன்முறை மருத்துவர், மதுரை

ஐயா, சொல்லின் முதல் பாதி அருமை. 'பிடிப்பு' என்றால் சதை இழுத்தது என்று ஆகிவிடும். அங்கேதான் எனக்குத் தயக்கம். ரத்தம் பத்தாத கதை நெடுநாள் பாடப்புத்தகங்களில் இருந்தது. ஆஸ்திரேலியாவில் மார்ட்டன், காலிஸ்டர் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், முந்தைய ஓராண்டில் இந்த வலி வந்ததாகச் சொன்னவர்கள் ஓட்டக்காரர்களில் 69 சதவீதம், குதிரை ஓட்டுகிறவர்களில் 62, சைக்கிள் ஓட்டுகிறவர்களில் 32. மூச்சு வாங்குவதுதான் காரணம் என்றால் குதிரைமேல் உட்கார்ந்திருப்பவருக்கு ஏன் இவ்வளவு வருகிறது? சைக்கிளில் மூச்சு நன்றாகவே வாங்கும், ஆனால் உடம்பு குலுங்காது. வலி இருக்கும்போதே மூச்சை அளந்து பார்த்ததிலும் மூச்சுத் தசை தளர்ந்ததாகத் தெரியவில்லை.

இப்போது அதிகம் ஏற்கப்படுவது வேறு. வயிற்றறையின் உள்சுவரை ஒட்டி மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. குலுங்கும்போது அது உரசி எரிச்சலாகிறது. அந்த உறையின் நரம்புகள் இடத்தைத் துல்லியமாகக் காட்டும். அதனால்தான் பையன் ஒரே விரலால் "இங்கே" என்று தொடுகிறான். சிலருக்கு அதே நேரத்தில் தோள்பட்டை நுனியும் வலிக்கும். உதரவிதானத்துக்கு அடியில் உள்ள உறைக்கும் தோளுக்கும் நரம்பு கழுத்தின் ஒரே பகுதியிலிருந்து வருவதுதான் அதற்குக் காரணம். இதுவும் முழுசாக நிரூபணமாகவில்லை. ஆகவே காரணத்தைச் சொல்லுக்குள் திணிக்காமல், உணர்வைச் சொல்லும் 'விலாக்குத்து' போதும். ஆங்கிலத்திலும் ஸ்டிட்ச் என்பதன் பழைய பொருள் குத்துதான்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், தெப்பக்குளம்

எனக்கு இதேதான். காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தால் இடது நெஞ்சுக்கு அடியில் இறுக்கம், கையிலும் இழுக்கிறது. நின்றதும் போய்விடுகிறது. 'வாயுப்பிடிப்பு' என்றே வைத்துவிடலாமே?

இயன்முறை மருத்துவர், மதுரை

ஐயா, உங்களுடையது இது இல்லை. இறுக்கமும் கைக்குப் பரவுவதும் இதயத்தின் அடையாளமாக இருக்கலாம். நின்றதும் குறைகிறது என்று விட்டுவிடாதீர்கள். இன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள், அதுவரை நடையை நிறுத்துங்கள். கையேட்டிலும் இந்த வேறுபாடு சொல்லுக்குப் பக்கத்திலேயே வரவேண்டும்.

ஓட்டப் பயிற்சியாளர், ரேஸ் கோர்ஸ் மைதானம்

ஒரு தம்பியின் கதை உதவும். காவலர் தேர்வுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். மூன்றாவது சுற்றில் வலது விலாவுக்குக் கீழே குத்தும். மதியச் சாப்பாட்டை ஓட்டத்துக்கு மூணு மணி நேரம் முன்னாடி தள்ளினோம், அப்போதும் குத்தியது. விசாரித்தால், தெம்புக்காக அரை மணி நேரம் முன்பு ஒரு பெரிய டம்ளர் சாத்துக்குடி ஜூஸில் சர்க்கரை போட்டுக் குடித்திருக்கிறான். சர்க்கரை மிகுந்த பானம் வயிற்றை விட்டு மெதுவாகத்தான் இறங்கும். வயிறு கனத்தபடியே குலுங்கும். அதை நிறுத்தி, தண்ணீரை இரண்டு மூன்று மடக்காகப் பிரித்துக் குடிக்கச் சொன்னோம். அடுத்த வாரங்களில் எப்போதாவதுதான் வந்தது.

வந்துவிட்டால் வேகத்தைக் குறைத்து, குத்தும் இடத்தை விரல்களால் அழுத்தி, முன்பக்கம் குனிந்து, உதட்டைக் குவித்து மூச்சை மெதுவாக வெளியே விடணும். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் விடும். பல்லைக் கடித்து ஓடினால் மூச்சு ஆழமில்லாமல் மேலோட்டமாகப் போய் ஓட்டமே குலைந்துவிடும்.

சொல்லைப் பற்றி ஒன்று: நம்ம ஊரில் "விலாவுல ஒரு குத்து விட்டான்" என்றால் அடி. 'விலாக்குத்து' என்று படித்தால் பசங்க சண்டை என்று நினைப்பார்கள்.

உடற்கல்வி ஆசிரியர், மேலூர்

நியாயம். 'பிடிப்பு' வேண்டாம், காரணத்தைத் திருத்திக்கொள்கிறேன். 'விலாக்குத்தல்' என்றால்? காது குத்தல் நினைவு வருகிறதே தவிர அடி என்று யாரும் எடுக்கமாட்டார்கள்.

இயன்முறை மருத்துவர், மதுரை

'விலாக்குத்தல்' எனக்குச் சம்மதம். ஆனால் ஆய்வாளர்கள் இதை வயிற்றுவலி என்ற பெயரில்தான் எழுதுகிறார்கள். குத்துவது சில சமயம் விலாவை விட்டுத் தொப்புள் பக்கமும் வருகிறது. அந்தப் பெயருக்கு 'உடற்பயிற்சிசார் தற்காலிக வயிற்றுவலி' என்பது நீளம். குட்டையாக யாராவது சொல்லுங்கள்.