புதுப்பிப்பு: வங்கிக் கணக்கு வீடியோ, மூன்றாம் காட்சி

"கையில காசே இல்லாம கணக்கு தொடங்கலாமா? அதையும் காட்டுங்க அக்கா."

நாம் எடுக்கும் வீடியோவுக்கு உங்களில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார். சேர்த்தாச்சு. மாதிரிப் படிவத்தின் 'கணக்கு வகை' கட்டம் திரை முழுக்க வரும். பேனா 'அடிப்படை சேமிப்புக் கணக்கு' என்பதில் டிக் அடிக்கும். பின்குரல்: "இதில் குறைந்தபட்ச இருப்பு வேண்டாம். ஏடிஎம் கார்டுக்கும் கட்டணம் இல்லை."

"ஜன்தன்ல மட்டும்தானே இப்படி?" என்றார் ஒரு தம்பி. ஜன்தனும் இந்த வகைதான், ஆனால் அது மட்டுமல்ல. ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஐயா சொன்னது முக்கியம்: அதே வங்கியில் ஏற்கெனவே சேமிப்புக் கணக்கு இருந்தால், இந்தக் கணக்கைத் தொடங்கிய 30 நாளுக்குள் பழையதை மூட வேண்டும். அதையும் பின்குரலில் சேர்த்துவிட்டேன்.

ஆதார் நெருக்கக் காட்சியில் முதல் 8 இலக்கங்கள் மறைந்திருக்கும். பின்குரல் பேச்சுவழக்கிலா, எழுத்துநடையிலா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.