ரீமாஸ்டர் போட்டா காப்பிரைட் முதல்லேர்ந்து ஆரம்பிக்குமா?

ஊசிமுனை: பழைய ராக் ஆல்பத்தையே ரீமாஸ்டர், டீலக்ஸ் பாக்ஸ்னு திரும்பத் திரும்ப விடறது ஒரே ஒரு காரணத்துக்குத்தான். 50 வருஷத்துல உரிமை போயிடும், ரீமாஸ்டர் போட்டா கணக்கு முதல்லேர்ந்து ஆரம்பிக்கும். இது தெரியாம "சவுண்டு அள்ளுது"ன்னு காசு கொட்டறவங்களப் பாத்தா பாவமா இருக்கு.

டேப்காரன்: முதல்லேர்ந்துலாம் ஆரம்பிக்காது. ஐரோப்பாவுல 2011லயே சட்டத்த மாத்தி, வெளிவந்த ரெக்கார்டிங்குக்கு 50 வருஷத்த 70 ஆக்கிட்டாங்க. 1963ல வந்த ஆல்பத்துக்கு 2033 முடியற வரைக்கும் பாதுகாப்பு இருக்கு, நடுவுல பத்து ரீமாஸ்டர் போட்டாலும் அதே 2033தான். ஆனா வெளியிடாம அலமாரில பூட்டி வச்ச டேக்குக்கு இன்னும் 50தான், அதுக்குள்ள வெளியிடலன்னா போச்சு. பாப் டிலன் 1962ல பாடினத 2012 கடைசில நாலு டிஸ்க்கா சுமார் 100 காப்பி மட்டும் ஐரோப்பாவுல விட்டாங்க. சம்பாதிக்கவா 100 காப்பி போடுவான்? பீட்டில்ஸோட 1963 பதிவுகள்லயும் 59 டிராக் 2013 டிசம்பர்ல ஐட்யூன்ஸ்ல வந்துச்சு, வருஷம் முடிய ரெண்டு வாரம்தான் பாக்கி. பாக்ஸ்ல அவுட்டேக் டிஸ்க் எதுக்குன்னு இப்ப புரியுதா?

ஊசிமுனை: அப்ப 50 வருஷம்னு நான் சொன்னது சரிதானே! சுத்தி வளச்சு என் பேச்சையே எனக்குப் படிச்சுக் காட்டறீங்க.

டேப்காரன்: நீங்க சொன்னது ரீமாஸ்டர். நான் சொல்றது வெளிவராத டேக். ரெண்டும் ஒண்ணா?

வால்யூம்_பத்து: யாராச்சும் என் கேள்விக்கு பதில் சொல்லுங்கப்பா. ரீமாஸ்டர்னு போட்டிருந்த சிடி ஒண்ணு வாங்கினேன், முதல் அஞ்சு நிமிஷம் பிரமாதமா இருந்துச்சு, ஆல்பம் முடியறதுக்குள்ள காது வலிக்குது. என் ஆம்ப் போயிடுச்சா?

டேப்காரன்: ஆம்ப் நல்லாத்தான் இருக்கும். பழைய சிடியையும் புதுசையும் ஆடாசிட்டி சாஃப்ட்வேர்ல போட்டு பாருங்க. பழசுல அலை ஏறி இறங்கி முள்ளு முள்ளா இருந்து, புதுசுல தலைய சீவின மாதிரி தட்டையா இருந்தா, சத்தத்துக்காக நசுக்கிட்டாங்கன்னு அர்த்தம். ஸ்டூஜஸ் குழுவோட ரா பவர் 1997 சிடி இதுக்குப் பேர் போனது. இன்னொண்ணு, ரெண்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்துட்டுத்தான் கேக்கணும், இல்லன்னா சத்தமா இருக்கறதுதான் நல்லாருக்குன்னு காது ஏமாந்துடும்.

ஊசிமுனை: ரா பவர் 1997 ரீமாஸ்டரே இல்ல சார், அந்தக் குழுப் பாடகர் இக்கி பாப், தனித்தனியா பதிஞ்ச மல்டிட்ராக்லேர்ந்து புதுசா பண்ணின ரீமிக்ஸ். அடுத்தவனுக்கு வாத்தியார் வேலை பாக்கறதுக்கு முன்னாடி அத தெரிஞ்சுக்கங்க. போன தடவை மோனோ சண்டைலயும் இப்படித்தான் தப்பா சொல்லிட்டு ஓடினீங்க.

டேப்காரன்: யார் ஓடினா? பீட்டில்ஸ் மோனோ பாக்ஸ்லதான் ஹெல்ப், ரப்பர் சோலோட 1965 ஸ்டீரியோ மிக்ஸும் இருக்குன்னேன். 2009 ஸ்டீரியோ சிடில இருக்கறது 1987 சிடிக்காக ஜார்ஜ் மார்ட்டின் பண்ணின ரீமிக்ஸ். ரெண்டு ஆல்பத்தோட 1965 ஸ்டீரியோவும் வேணும்னா அந்த பாக்ஸ்தான் வாங்கணும்னேன், இப்பவும் அதத்தான் சொல்றேன். ரா பவர்ல நான் சொன்னது நசுக்கினதப் பத்தி, அது மாறல.

ஊசிமுனை: பேச்ச மாத்தாதீங்க. அமெரிக்காவுல 2016ல கோர்ட்டே ரீமாஸ்டருக்குத் தனி காப்பிரைட் உண்டுன்னு சொல்லிருக்கு. அதுக்கு என்ன சொல்றீங்க?

டேப்காரன்: அந்தத் தீர்ப்ப 2018ல மேல்முறையீட்டு கோர்ட் அடிச்சிடுச்சு. பழைய பதிவோட அடிப்படைக் குணம் மாறாத வெறும் ரீமாஸ்டர் புதுப் படைப்பு ஆகாதுன்னு சொன்னாங்க. ரீமிக்ஸுன்னா கதை வேற, அதுல புதுசா உரிமை கேக்க இடம் உண்டு. அட்டைல எந்த வார்த்தை போட்டிருக்குன்னு அதுக்காகவும் பாக்கணும்.

ஊசிமுனை: அப்ப ஒரு வகைல புது உரிமை வருது! நான் சொன்னதுதானே!

டேப்காரன்: ஐயோ. பீட்டில்ஸோட லவ் மீ டூ 1962 அக்டோபர்ல வந்தது. 70 வருஷச் சட்டம் 2013 நவம்பர் 1ல பாதுகாப்புல இருந்த பதிவுக்குத்தான், இது 2012 முடிஞ்சப்பவே ஐரோப்பாவுல பாதுகாப்ப விட்டு வெளில போயிடுச்சு. அதே பாட்டு 2009ல ரீமாஸ்டர் ஆகி வந்துச்சுல்ல? உங்க கணக்குப்படி அந்த ரீமாஸ்டர் அத காப்பாத்திருக்கணும். ஏன் காப்பாத்தல?

கேசட்_கிங்: சட்டம் கிடக்கட்டும், 2018ல வந்த பீட்டில்ஸ் ஒயிட் ஆல்பம் பாக்ஸ்ல 27 ஈஷர் டெமோ இருக்கு, 1968ல வீட்ல உக்காந்து பாடினது. அது 50 வருஷக் கணக்குக்காக வந்துச்சா, பொன்விழாவுக்காக வந்துச்சா, எனக்கு என்ன? அந்த ஒரு டிஸ்க்குக்காகவே வாங்கலாம்.

டேப்காரன்: டெமோ நல்லாருக்கறதால மட்டும் அவங்க விடல, அதான் பேச்சே.

ஊசிமுனை: பாத்தீங்களா, 1968, 2018, 50 வருஷம். 50 வருஷம்னு நான் முதல் வரிலயே சொல்லிட்டேன்.

வால்யூம்_பத்து: ஆடாசிட்டில போட்டேன், புதுசு முழுக்க செங்கல் மாதிரி இருக்கு. பழச வேற போன மாசம்தான் ஒருத்தனுக்கு சும்மா குடுத்தேன், நல்லவேளை காப்பி வச்சிருந்தேன்.

டேப்காரன்: போய் அந்த டிஸ்க்கத் திருப்பி வாங்குங்க முதல்ல. ஊசிமுனை சார், 2009க்கு பதில் இன்னும் வரல.