செவ்வாய் முனையில் நிற்கும் டி-ஸ்கொயர்: அந்த அழுத்தத்தை எங்கே செலவிட்டீர்கள்?

கட்டுமானத் தளம், கோவை

நான் 1989 அக்டோபர் தொடக்கத்தில், சூரியன் மறையும் வேளையில் பிறந்தவன். மேற்கத்திய சாயன முறையில் கணித்தால் கடகத்தில் 9 பாகையில் குரு. அதற்கு நேர் எதிரே மகரத்தில் 7 பாகையில் சனியும் 9 பாகையில் நெப்டியூனும். இந்த இரு தரப்புக்கும் 90 பாகை தள்ளி, துலாத்தில் 8 பாகையில் செவ்வாயும் சூரியனும் ஒட்டி நிற்கின்றன. இப்படி எதிரெதிரே நிற்பவற்றுக்குக் குறுக்கே மூன்றாவது நின்றால் அதுதான் டி-ஸ்கொயர்; குறுக்கே நிற்பதுதான் முனை. லக்னம் மேஷம் என்பதால் குரு வீட்டைக் குறிக்கும் நான்கில், சனி தொழிலைக் குறிக்கும் பத்தில், செவ்வாய் துணையையும் கூட்டாளியையும் குறிக்கும் ஏழில்.

வாழ்க்கையில் இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். வீட்டில் எல்லாரையும் சேர்த்து அணைத்துக்கொள்ள வேண்டும் என்பார்கள். மாடி கட்டு, சொந்தங்களை அழை, செலவைப் பார்க்காதே. தளத்தில் காங்கிரீட் போடும் தேதி ஒரு நாள் தள்ளினாலும் கணக்குக் கேட்பார்கள். இரண்டுக்கும் நடுவே நான் நெருங்கும்போது, கோபம் வீட்டின் மீதும் போகாது, அலுவலகத்தின் மீதும் போகாது. எதிரில் உட்கார்ந்திருக்கும் மூன்றாவது ஆள் மீது போய் விழும். 2012இல் யுரேனஸ் மேஷம் 8 பாகைக்கு வந்தபோது, நண்பர் ஒருவருடன் நடத்திவந்த பங்குத் தொழில் ஒரு பில் தகராறில் உடைந்தது.

அதன் பிறகு நான் கேட்டு வாங்கிய வேலைதான் எனக்கு வடிகாலானது. தளத்தில் ஷட்டரிங் மேஸ்திரி, கம்பி கட்டுபவர், பூச்சு வேலைக்காரர் என ஒவ்வொருவரின் பில்லிலும் சண்டை வரும். அந்தச் சண்டைகளைத் தீர்க்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். மேஸ்திரியை உடன் வைத்துக்கொண்டு டேப்பைப் பிடித்து அளந்து, அளவுப் புத்தகத்தில் இருவரும் அங்கேயே கையெழுத்துப் போடுவோம். வாதம் கடுமையாகவே இருக்கும். ஆனால் கையெழுத்தோடு அது முடிந்துவிடும். அப்படி ஒரு நாள் கழிந்தால் வீட்டுக்குப் போகும்போது நான் வேறு மனிதன். இதே அமைப்பு உள்ளவர்கள் எதைச் செய்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

ஓய்வுபெற்ற ஆசிரியை, சேலம்

தம்பி, மிக நெருக்கமான டி-ஸ்கொயர் இது. எல்லாம் இரண்டு, மூன்று பாகைக்குள் அடங்குகிறது. எதிரெதிரே இரண்டு கிரகங்கள் மட்டும் இருந்தால் மனிதர் இங்கும் அங்கும் ஊசலாடிக்கொண்டே காலத்தைக் கழித்துவிடலாம். மூன்றாவது கிரகம் குறுக்கே நின்றுவிட்டால் ஊசலாட முடியாது. இரு பக்கத்து நெருக்கடியும் அந்த முனைக் கிரகத்தில் இறங்கி, ஏதாவது செய் என்று தள்ளும். உங்களிடம் அது செவ்வாய் என்பதால் செயல் சட்டென்று வருகிறது. துலாத்தில் இருப்பதால் செயலுக்கு எதிராள் ஒருவர் தேவைப்படுகிறார்.

அதனால்தான் "தினமும் ஓடுங்கள், கோபம் தணியும்" என்ற பொதுவான யோசனை உங்களுக்குப் பாதிதான் உதவும். உடல் களைக்கும், எதிராளைத் தேடும் மனம் அப்படியே இருக்கும். விதிமுறையுள்ள மோதல்தான் துலாச் செவ்வாய்க்குப் பொருத்தம். இரட்டையர் பேட்மிண்டன், சமரசப் பேச்சு, நீங்கள் செய்யும் அளவெடுப்பு எல்லாம் அந்த வகை.

வடிகால் சரியானதா என்று நான் பார்க்கும் வழி ஒன்று உண்டு. எதிரெதிர் நிற்கும் இருவருக்கும் அதில் பங்கு கிடைக்க வேண்டும். அளவுப் புத்தகத்தில் பதிவும் ஒழுங்கும் இருப்பதால் சனிக்குத் திருப்தி. உழைத்தவன் கையில் கூலி சேர்வதால் கடகக் குருவுக்கும் திருப்தி. வெறும் கூடுதல் வேலையில் மூழ்கியிருந்தால் சனி மட்டும் உண்டிருக்கும். சில மாதங்களில் வீட்டுப் பக்கம் பொங்கியிருக்கும்.

காலியாக இருக்கும் நான்காவது இடத்தையும் கவனியுங்கள். முனைக்கு நேர் எதிரே மேஷம், உங்கள் லக்னமே. தனியாக முடிவெடுக்கும் பழக்கம் அங்கே வளர வேண்டும். பேச்சுக்கு உட்காரும் முன் உங்கள் தொகையைத் தனியே எழுதி வைத்துக்கொள்கிறீர்களா?

புரட்டாசி, மதுரை

மன்னிக்கவும், இதில் எனக்கு உடன்பாடில்லை. நம் நிராயண முறைக்கு மாற்றினால் இந்த டி-ஸ்கொயரே இருக்காது. சுமார் 24 பாகை கழித்தால் செவ்வாயும் சூரியனும் கன்னி, குரு மிதுனம், சனி தனுசு. தனுசு சனியின் பத்தாம் பார்வை கன்னிச் செவ்வாய் மேல் விழுகிறது. செவ்வாயின் நான்காம் பார்வை சனி மேல் விழுகிறது. குருவுக்கும் செவ்வாய்க்கும் பார்வையே இல்லை. ஆகவே இது சனி-செவ்வாய்ப் பார்வை, அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, சேலம்

பார்வைக் கணக்கு முழுக்கச் சரி ஐயா. ஆனால் அமைப்பு மறையவில்லை. அயனாம்சம் என்னும் அந்த 24 பாகையை எல்லாக் கிரகங்களிலும் ஒரே அளவாகத்தானே கழிக்கிறோம்? ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள தூரம் அப்படியே 90, 180 ஆக நிற்கிறது. மாறுவது ராசி. சாயனத்தில் மூன்றும் சர ராசிகள், நிராயணத்தில் மூன்றும் உபய ராசிகள். சரம் என்றால் தொடங்கித் தீர்த்துவிடத் துடிக்கும், உபயம் என்றால் பேசிப் பேசி வழி மாற்றும். இந்தத் தம்பிக்கு எது பொருந்துகிறது என்பதில் எனக்கே இன்னும் தெளிவில்லை.

கட்டுமானத் தளம், கோவை

இரண்டும் பொருந்துகிறது என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. தொடங்கும் வேகம் சரம். அளவு, கணக்கு, திருத்தம் என்று நுணுக்கத்தில் இறங்கினால்தான் மனம் ஆறுகிறது என்பதோ கன்னியைப்போல் இருக்கிறது.

தொகையை எழுதும் பழக்கம் இல்லை அம்மா. இந்த வாரத்திலிருந்து எழுதுகிறேன்.

ஒரு தாய், திருச்சி

என் மகன் 2010 ஜூலை கடைசியில் பிறந்தான். யுரேனஸும் குருவும் மேஷத் தொடக்கத்தில், சனி துலாத் தொடக்கத்தில், முனையில் மகரப் புளூட்டோ. இதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அவன் அறையை விட்டு வெளியே வருவதில்லை, கேட்டால் பதில் இல்லை. எந்தக் கோயிலில் பரிகாரம் செய்யலாம்?

ஓய்வுபெற்ற ஆசிரியை, சேலம்

அம்மா, பயப்படாதீர்கள். இவை மெதுவாக நகரும் கிரகங்கள். அந்த நாட்களில் உலகில் பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் இந்த டி-ஸ்கொயர் உண்டு. அதைத் தன் சொந்த அமைப்பாக ஒரு பிள்ளை உணர, சந்திரனோ லக்னமோ சர ராசிகளின் முதல் சில பாகைகளில் இருந்து அதைத் தொட வேண்டும். பிறந்த நேரம் இருந்தால் அதை முதலில் பாருங்கள். தொட்டாலும், புளூட்டோ முனை உள்ளவர்களுக்கு ஆழத் தோண்டும் வேலை பிடிக்கும். பழுதான இயந்திரத்தைப் பிரித்துப் பார்ப்பது, ஒரே விஷயத்தை அடிவரை படிப்பது போல. அதைப் பக்கத்தில் நின்று கேள்வி கேட்காமல் செய்ய விடுங்கள்.

ஆனால் பேச்சு நின்றுபோனது, சாப்பாடும் தூக்கமும் மாறுவது எல்லாம் ஜாதகத்தில் தேடும் விஷயம் இல்லை. பள்ளி ஆலோசகரையோ மருத்துவரையோ பாருங்கள்.

செவிலியர், யாழ்ப்பாணம்

என்னுடையதில் புதன் முனை, ஆனால் ஒரு பக்கம் சரியான 90இலிருந்து 10 பாகை விலகுகிறது. 8க்கு மேல் எண்ணக்கூடாது என்கிறார்கள். இருந்தாலும் இரவுப் பணி முடிந்து நோயாளிகள் விவரத்தை அடுத்தவரிடம் ஒப்படைத்து எழுதி முடிக்கும் வரை என் தலை ஓயாது. எழுதினால் ஓய்கிறது. இதைக் கணக்கில் எடுக்கலாமா?

ஓய்வுபெற்ற ஆசிரியை, சேலம்

நான் 10 பாகையை எடுப்பதில்லை மகளே. சூரியனோ சந்திரனோ சம்பந்தப்பட்டால் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். எழுதும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கோவைத் தம்பிக்கு ஒரு குறிப்பு: சாயனத்தில் சனி 2026 பிப்ரவரியில் மேஷத்தில் நுழைகிறது, ஏப்ரல் பிற்பகுதியில் 8 பாகையைத் தொடும். 2012இல் யுரேனஸ் நின்ற அதே காலியிடம். கூட்டு ஒப்பந்தம் ஏதும் அந்த மாதங்களில் வந்தால், தொகையையும் விலகும் நிபந்தனையையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டுமானத் தளம், கோவை

ஒன்று பேச்சில் இருக்கிறது அம்மா. மைத்துனருடன்.