கார்க் பந்து பட்டு விரல் நுனி தொங்குகிறது. சுளுக்குதானா?

கீப்பர் முத்து
ஞாயிற்றுக்கிழமை மேட்ச்சில் கீப்பிங் செய்தபோது லெக் சைடில் போன பந்தை எட்டிப் பிடிக்கப் போனேன். வலது கை மோதிர விரல் நுனியில் பந்து நேராக வந்து குத்தியது. கிளவுஸ் போட்டிருந்தேன். ஐஸ் வைத்துவிட்டு மீதி ஓவர்களையும் முடித்தேன். டீமில் ஒரு அண்ணன் பக்கத்து விரலோடு சேர்த்து டேப் சுற்றிவிட்டார்.

இன்று புதன்கிழமை. வீக்கம் பாதி வடிந்துவிட்டது, வலியும் பெரிதாக இல்லை. ஆனால் நகம் இருக்கிற கடைசிக் கணு மட்டும் கீழே தொங்குகிறது. இடது கையால் தூக்கினால் நேராகிறது, விட்டால் விழுந்துவிடுகிறது. விரலை மடக்க முடிகிறது. இது சுளுக்கு, எண்ணெய் போட்டு வழித்தால் சரியாகிவிடும் என்கிறார் அம்மா. வழிக்கலாமா? எக்ஸ்ரே அவசியமா? அடுத்த மாதம் லீக் ஆரம்பிக்கிறது.

ஓப்பனர் பாஸ்கர்
தம்பி, இது எல்லா கீப்பருக்கும் வருவதுதான். ஐஸை நேரடியாக வைக்காமல் துணியில் சுற்றி 15 நிமிடம் வை, கையைக் கொஞ்சம் உயர்த்தியே வைத்திரு, மோதிரம் இருந்தால் கழற்றிவிடு. யாரையும் பிடித்து இழுக்கவோ வழிக்கவோ விடாதே. பக்கத்து விரலோடு டேப் போட்டது சரிதான். இரண்டு நாள் கழித்து மெதுவாக மடக்கி நீட்டிப் பழகு, இல்லாவிட்டால் மூட்டு இறுகிவிடும். நான் இப்படித்தான் பத்து நாளில் திரும்பி ஆடினேன்.

நளினி, கை தெரபிஸ்ட்
முத்து, மடக்கி நீட்டிப் பழகுவதை மட்டும் இப்போது செய்யாதீர்கள். பாஸ்கர் சார் சொன்ன முதலுதவி அத்தனையும் சரி. வழிக்கவே கூடாது என்பது ரொம்ப சரி. ஆனால் அவர் சொல்லும் டேப்பும் பயிற்சியும் நடு மூட்டு பிசகியவர்களுக்கு உரியவை. உங்களுக்கு அடிபட்டிருப்பது நுனி மூட்டு.

முதலில் ஒன்று செய்து பாருங்கள். கையை மேசைமேல் உள்ளங்கை கீழே இருக்கும்படி வையுங்கள். நடு மூட்டை இன்னொரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நுனியை மட்டும் தானாக மேலே தூக்கப் பாருங்கள். கொஞ்சம்கூட எழும்பவில்லை என்றால், நுனியைத் தூக்குகிற தசைநாண் அறுந்திருக்கிறது, அல்லது தான் ஒட்டியிருந்த இடத்தில் ஒரு சில்லு எலும்பைப் பெயர்த்துக்கொண்டு வந்திருக்கிறது. இதை மேலட் ஃபிங்கர் என்பார்கள். நீட்டிய விரலின் நுனியைப் பந்து திடீரென்று மடக்கிவிடுவதால் வருவது. வலி குறைவாக இருப்பதை நம்பாதீர்கள். நாண் அறுந்தவர்களில் பலருக்கு வலி அதிகம் இருப்பதில்லை, அதனால்தான் வாரக்கணக்கில் தள்ளிப்போட்டுவிட்டு வருகிறார்கள்.

எக்ஸ்ரே கட்டாயம் எடுங்கள். கை முழுவதையும் நேராக எடுத்தால் போதாது. அந்த விரலை மட்டும் தனியாக, பக்கவாட்டில் எடுக்கச் சொல்லுங்கள். மற்ற விரல்கள் மேலே விழுந்தால் சில்லு தெரியாமல் போய்விடும். பெயர்ந்த துண்டு மூட்டுப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தாலோ, நுனி எலும்பு உள்ளங்கைப் பக்கமாக நழுவியிருந்தாலோ, கை அறுவை சிகிச்சை மருத்துவரிடம் காட்ட வேண்டும். மற்றபடி பெரும்பாலும் நுனியை அசையாமல் நேராகத் தாங்கிப் பிடிக்கிற ஸ்ப்ளின்ட் மட்டும் போதும்.

கீப்பர் முத்து
செய்து பார்த்தேன் அக்கா. துளிகூட எழும்பவில்லை. நாளை காலைதான் மருத்துவமனைக்குப் போக முடியும். அதுவரை என்ன செய்வது?

நளினி, கை தெரபிஸ்ட்
பக்கத்து விரலோடு போட்ட டேப்பை எடுத்துவிடுங்கள். பக்கத்து விரல் மடங்கும்போதெல்லாம் இந்த விரலையும் சேர்த்து மடக்கும். இங்கே வேண்டியது அதற்கு நேர் எதிரானது.

ஒரு ஐஸ்கிரீம் குச்சி போதும். விரல் நுனியிலிருந்து நடு மூட்டின் உள்பக்க மடிப்புக்குச் சற்று முன்பு வரை அளந்து வெட்டுங்கள். வெட்டிய முனையைத் தேய்த்து மழுக்கிவிட்டு, மெல்லிய பஞ்சு வைத்து காஸ் துணி சுற்றுங்கள். விரலின் உள்ளங்கைப் பக்கம் வைத்து, நுனியை நேராகத் தூக்கிப் பிடித்தபடியே இரண்டு இடத்தில் பேப்பர் டேப் ஒட்டுங்கள். ஒன்று நடுக்கணுவில், இன்னொன்று நகத்துக்குச் சற்றுப் பின்னால். நகம் வெளியே தெரிய வேண்டும். நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். திரும்பவில்லை, அல்லது மரத்துப்போகிறது என்றால் டேப் இறுக்கம், தளர்த்துங்கள்.

நுனி நேராக இருந்தால் போதும், இம்மியளவு பின்னால் சாய்ந்தாலும் பரவாயில்லை. சீக்கிரம் கூடட்டும் என்று ரொம்பப் பின்னால் வளைத்துக் கட்டினால் மூட்டின் மேல்தோல் வெளுத்துவிடும். வெளுத்த தோலுக்கு ரத்தம் போவதில்லை, அப்படியே விட்டால் புண்ணாகும். நடு மூட்டு தாராளமாக மடங்கட்டும்.

சிவா
எனக்கும் இதே பிரச்சினைதான். போன வாரம் கேட்ச் பிடிக்கும்போது ஆள்காட்டி விரல் நடு மூட்டு வீங்கி முட்டிபோல இருக்கிறது. நீட்டவும் முடிகிறது, மடக்கவும் முடிகிறது, முழுதாக மடக்கினால்தான் வலி. நானும் ஐஸ் குச்சி கட்டிவிடட்டுமா?

நளினி, கை தெரபிஸ்ட்
உங்களுடையது வேறு, சிவா. நீங்கள் கட்ட வேண்டாம். நடு மூட்டைக் குச்சியில் கட்டிப் பல நாள் அசையாமல் வைத்தால் அது இறுகி, பிறகு மடக்குவதே பாடாகிவிடும். பாஸ்கர் சார் சொன்ன டேப்பும் மெதுவான அசைவும் உங்களுக்குத்தான் பொருந்தும். ஆனால் நடு மூட்டைத் தானாக நேராக்க முடியாமல் போனாலோ, விரல் பக்கவாட்டில் ஆடினாலோ தாமதிக்காமல் காட்டுங்கள். மூட்டின் மேல்புற நாண் அறுந்திருந்தால் முதல் வாரங்களில் பார்ப்பது நல்லது. எப்படியும் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

கீப்பர் முத்து
எக்ஸ்ரே எடுத்தாயிற்று. சின்னச் சில்லு ஒன்று பெயர்ந்திருக்கிறது, மூட்டுப் பரப்பில் கால் பங்குக்கும் குறைவு, மூட்டு நழுவவில்லை என்றார் மருத்துவர். ஆபரேஷன் வேண்டாம், ஆறு வாரம் ஸ்ப்ளின்ட். உள்ளே நீல ஸ்பாஞ்ச் ஒட்டிய அலுமினியத் தகடு ஒன்றைக் கட்டி அனுப்பினார்கள். ஆனால் அது நடு மூட்டையும் சேர்த்து விரலின் அடிவரை இருக்கிறது. சரியா? அப்புறம், வலது கை என்பதால் சாப்பிடும்போது நனைந்துவிடுகிறது. கழற்றிவிட்டுச் சாப்பிடலாமா?

நளினி, கை தெரபிஸ்ட்
கழற்றிவிட்டுச் சாப்பிடக் கூடாது. பலருக்கும் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். நுனி ஒரு முறை தொங்கினால்கூட, அதுவரை ஒட்டிக்கொண்டு வந்தது பிரிந்துவிடலாம். அப்படி நடந்தால் ஆறு வாரத்தை அன்றிலிருந்து மறுபடி எண்ண வேண்டும். ஐந்தாம் வாரத்தில் குளிக்கும்போது மடக்கிவிட்டு, முதலிலிருந்து தொடங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த ஆறு வாரமும் ஸ்பூனில் சாப்பிடுங்கள். குளிக்கும்போது விரலுக்கு ஒரு பாலிதீன் உறை மாட்டி அடியில் ரப்பர் பேண்ட் போடுங்கள், குளித்து முடித்ததும் எடுத்துவிடுங்கள்.

தோலையும் பார்க்க வேண்டும், அதனால் அவ்வப்போது மாற்றத்தான் வேண்டும். வீட்டில் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். விரலை மேசைமேல் தட்டையாகப் படிய வைத்து, நுனி மேசையிலிருந்து எழும்பாதபடி டேப்பை வெட்டி, தகட்டை முன்பக்கமாக உருவச் சொல்லுங்கள். ஈரத் துணியால் துடைத்து, நன்றாக உலர்த்தி, புது டேப். இவ்வளவு நேரமும் நுனிக்குக் கீழே மேசையோ, துணையாளின் கட்டைவிரலோ இருந்துகொண்டே இருக்க வேண்டும். டேப்புக்கு அடியில் தோல் ஊறி வெள்ளையாகச் சுருங்கியிருந்தால் ஈரம் தேங்குகிறது என்று அர்த்தம், அடிக்கடி மாற்றுங்கள்.

தகட்டின் நீளம் பற்றி: என் அனுபவத்தில் நடு மூட்டை விட்டுவிடுவதே நல்லது. சில மருத்துவர்கள் வேறு காரணத்துக்காக முதலில் அதையும் சேர்த்துக் கட்டுவதுண்டு. நீங்களே வெட்டாமல், குட்டையாக்கலாமா என்று அவரிடமே கேளுங்கள். நுனிக்கு மட்டும் மாட்டுகிற பிளாஸ்டிக் உறை ஸ்ப்ளின்ட் பல அளவுகளில் கிடைக்கும். வீக்கம் வடிந்தபின் அளவு பார்த்து வாங்குங்கள். இப்போதே வாங்கினால் அடுத்த வாரம் தளர்ந்துவிடும்.

ஓப்பனர் பாஸ்கர்
சரி, நுனி மூட்டு வேறு, நடு மூட்டு வேறு என்பது புரிந்தது. ஆனால் ஸ்ப்ளின்ட்டோடு ஆடியவர்களை நான் பார்த்திருக்கிறேனே. பேட்ஸ்மேனாக மட்டும் இறங்கினால் என்ன?

நளினி, கை தெரபிஸ்ட்
இதில் எல்லா மருத்துவரும் ஒரே மாதிரி சொல்வதில்லை. ஓடலாம், உடற்பயிற்சி செய்யலாம். பேட்டிங் செய்தால் பந்து மறுபடி அதே விரலில் படாது என்று யார் சொல்ல முடியும்? கீப்பிங் மட்டும் வேண்டவே வேண்டாம் என்பேன். ஆறு வாரம் முடிந்தபிறகும் இரவிலும் விளையாட்டின்போதும் இன்னும் சில வாரம் ஸ்ப்ளின்ட் போடச் சொல்வார்கள். எத்தனை வாரம் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

அனிதா
மன்னிக்கவும், நடுவில் கேட்கிறேன். என் பையனுக்கு 11 வயது. நேற்று பந்து பட்டு விரல் நுனி இதேபோல் மடங்கியிருக்கிறது. நகத்தின் அடியிலிருந்து ரத்தம் வந்தது, நகம் அடிப்பக்கம் மேலே தூக்கிக்கொண்டிருக்கிறது. குச்சி கட்டி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை காட்டினால் போதுமா?

நளினி, கை தெரபிஸ்ட்
வேண்டாம், அனிதா. இன்றே கூட்டிப் போங்கள். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் வளர்ச்சித் தட்டே முறிந்து, நகத்தின் வேர் அதற்குள் சிக்கியிருக்கலாம். நகத்தடியில் ரத்தம் வந்திருப்பதால் இது திறந்த காயமாகவே பார்க்கப்படும், கிருமி எலும்புக்குள் போக வழி இருக்கிறது. சுத்தம் செய்து தையலும் ஆன்டிபயாட்டிக்கும் தேவைப்படலாம். நகத்தை நீங்கள் அழுத்தியோ பிய்த்தோ விடாதீர்கள், சுத்தமான துணியால் மூடிக் கூட்டிப் போங்கள். கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்பதையும் சொல்லுங்கள்.

அனிதா
கிளம்பிவிட்டோம். நன்றி.

கீப்பர் முத்து
மருத்துவர் தகட்டை நடு மூட்டுக்கு முன்பு வரை குட்டையாக்கிக் கொடுத்துவிட்டார். லீக்கில் கீப்பிங்குக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டேன். கடைசியாக ஒன்று: ஆறு வாரம் முடிந்ததும் விரல் பழையபடி முழு நேராகிவிடுமா?

நளினி, கை தெரபிஸ்ட்
கிட்டத்தட்ட. 5 முதல் 10 டிகிரி வரை லேசான சாய்வும், மூட்டின் மேல் ஒரு சின்ன மேடும் பலருக்குத் தங்கிவிடும். பிடிப்பதற்கோ எழுதுவதற்கோ அது இடைஞ்சல் இல்லை. கழற்றிய முதல் வாரம் நுனியை மடக்க முடியாமல் விறைப்பாக இருக்கும், அதைக் கண்டு இன்னொரு கையால் பிடித்து மடக்காதீர்கள். அதுவாகக் கொஞ்சம் கொஞ்சமாக மடங்கட்டும். அந்த நாட்களில் நுனி மறுபடி சாய ஆரம்பித்தால் ஸ்ப்ளின்ட்டைத் திரும்ப மாட்டிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

சிவா
எனக்கு எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. ஆனால் வீக்கம் இன்னும் அப்படியே இருக்கிறது. நடு மூட்டு வீக்கம் வடிய எத்தனை நாள் ஆகும்?

ஓப்பனர் பாஸ்கர்
எனக்கு மூன்று மாதம் ஆனது சிவா. வலி போனபிறகும் மோதிரம் உள்ளே போகவில்லை.